தைப்பூசக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால்: படத்தை அனுப்புவதா, உடையைச் சொல்வதா?

சுங்கைப்பட்டாணி தாய்மாமன்

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அடுத்த தைப்பூசத்துக்குள் எனக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும்.

போன தைப்பூசத்தன்று சாயங்காலம் பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் என் அக்கா மகனைத் தொலைத்துவிட்டோம். ஐந்து வயது. மத்தியானம் அவனுக்கு மொட்டை போட்டு, குளிப்பாட்டி, சந்தனம் பூசி, மலையேறி இறங்கி வந்திருந்தோம். ஜாலான் கெபுன் பூங்காவில் இரண்டு பந்தல்களுக்கு நடுவே நான் சர்பத் வாங்கக் கை நீட்டினேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை. அப்போது மணி 6.40.

நான் முதலில் செய்த காரியம், கைப்பேசியில் இருந்த அவன் படத்தை நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டதுதான். தீபாவளிக்கு எடுத்த படம். சிவப்பு ஜிப்பா, நெற்றியில் விழும் சுருள் முடி. பத்து நிமிடத்தில் பதில்கள் வந்து குவிந்தன. "இந்தப் பையனைத் தெரியும், எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்றார் ஒருவர். "கொம்தார் பக்கம் பார்த்தேன்" என்றார் இன்னொருவர். ஒருவர் ஒரு பையனையே படம் எடுத்து அனுப்பி, "கிடைத்துவிட்டான், பிடித்து வைத்திருக்கிறோம்" என்று எழுதினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினோம். அந்தப் பையன் தன் பாட்டியோடு வந்தவன். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று, "இது உங்கள் பேரன்தானா?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டியை அழவைத்திருந்தார்கள். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குக் காரணம் நான் அனுப்பிய படம்.

ஏழு மணிக்கு மேல்தான் ஒரு பந்தலின் அறிவிப்பு மேசைக்குப் போனோம். "மஞ்சள் சட்டை, ஐந்து வயதுப் பையன்" என்று அறிவித்தார்கள். மூன்று பையன்களைக் கொண்டுவந்தார்கள். மூவரும் மஞ்சள் சட்டைதான், எங்கள் பிள்ளை இல்லை. அங்கே இருந்த ஒரு அம்மா அக்காவிடம், "பிள்ளைக்குக் கடைசியாக உடுத்திவிட்டது யார்?" என்று கேட்டார். அப்போதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. குளித்த பிறகு மஞ்சள் சட்டை ஈரமாக இருந்ததால், பையில் வைத்திருந்த நீலச் சட்டையை மாட்டிவிட்டிருந்தாள். நெஞ்சில் ரயில் படம் போட்ட சட்டை. 7.22க்கு மறுபடி அறிவித்தார்கள். 7.30க்குப் பிள்ளை கிடைத்தான். இருநூறு மீட்டர் தள்ளி, தண்ணீர் போத்தல் விற்ற ஒரு சீன ஆன்ட்டி ரயில் படத்தைப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

அடுத்த வருடம் எங்கள் பந்தலில் காணாமல் போகும் பிள்ளைகளுக்கென்று ஒரு மேசை போடப் போகிறோம். "ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கு, படத்தைப் போட்டால் பந்தலுக்குப் பந்தல் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள் கூட்டாளிகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் டீச்சர்

தம்பி, பிள்ளை கிடைத்ததில் நிம்மதி. நான் பல வருடமாகத் திருவிழா மேசையில் உட்காருகிறேன். உங்கள் கதையிலேயே பதில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

உங்கள் கையில் இருந்தது தீபாவளிப் பிள்ளையின் படம். ரோட்டில் நின்றது தைப்பூசப் பிள்ளை. முடி போய்விட்டது, தலையெல்லாம் சந்தனம், அழுது முகம் வீங்கியிருக்கும். பெற்ற தாய்க்கு அது ஒரே முகம். முன்பின் பார்க்காதவருக்கு ஐந்து வயதுத் தமிழ்ப் பையன் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் உதவ வேண்டும் என்று மனசு துடிக்கிறது. அதனால் கண்ணில் படுகிற பிள்ளையைப் படத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். பொருத்த நினைத்தால் எந்த முகமும் பொருந்தும். அந்தப் பாட்டிக்கு நடந்தது அதுதான்.

உடையில் அந்த ஊகம் கிடையாது. நெஞ்சில் ரயில் படம் இருக்கிறது, அல்லது இல்லை. அந்தச் சீன ஆன்ட்டி உங்கள் பிள்ளை யார் என்று யோசிக்கவே தேவையில்லை.

ஆனால் உடையைச் சரியாகச் சொல்லவைப்பது சுலபமில்லை. பதற்றத்தில் வரும் தாய், காலையில் வீட்டில் உடுத்திவிட்டதைத்தான் சொல்வார், அந்தக் காட்சிதான் மனசில் பதிந்திருக்கும். அதற்குப் பிறகு குளித்தார்களா, வாந்தி எடுத்தானா, கடையில் புதுச் சட்டை வாங்கிப் போட்டார்களா என்று நாம்தான் கேட்க வேண்டும். கைப்பேசிப் படத்துக்கு இங்கேதான் நல்ல வேலை இருக்கிறது. "இன்றைக்குக் கடைசியாக எடுத்த படம் எது, காட்டுங்கள்" என்று கேட்பேன். அதில் முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டை, சிலுவார், கையில் கயிறு, கழுத்தில் மணி என்று பார்த்து எழுதிக்கொள்வேன். படம் தாயின் கைப்பேசியிலேயே இருக்கும். வெளியே போவது நான் எழுதிய இரண்டு வரி மட்டும்.

கேஎல் நிரலர்

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள். சட்டையைக் கழற்றலாம், மாற்றலாம். யாராவது கெட்ட எண்ணத்தோடு கூட்டிப்போனால் முதலில் மாற்றுவது சட்டையைத்தான். முகத்தை மாற்ற முடியுமா? அப்படியிருக்கும்போது படத்தை ஏன் ஒதுக்க வேண்டும்? பத்தாயிரம் பேர் கையில் படம் இருந்தால் பத்தாயிரம் கண்கள் தேடும். நல்ல வெளிச்சத்தில், நேராக எடுத்த, அன்றைய படமாக மட்டும் இருக்கட்டும். மொட்டை போட்ட பிறகு ஒரு படம் எடுத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காதே.

பட்டர்வொர்த் டீச்சர்

நிரலர் தம்பி, அன்றைய படம் என்பது சரி. தூக்கிக்கொண்டு போனால் சட்டை மாறலாம் என்பதும் சரி. அந்தச் சந்தேகம் வந்த நிமிடமே அது போலீஸ் வேலை, அவர்களிடம் படத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் மேசைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் அப்படி இல்லை. பிள்ளை பலூன் பார்த்து நின்றிருப்பான், மேளம் கேட்டுக் காவடி பின்னால் போயிருப்பான். சட்டை அப்படியேதான் இருக்கும்.

பத்தாயிரம் கண்கள் என்கிறீர்கள். அந்த ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கூட்டம் நெருங்கினால் ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் பெரியவர்களின் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். நமக்குத் தெரிவது உச்சந்தலையும் தோளும்தான். அதனால் நான் தலையில் தொடங்குவேன்: மொட்டையா, சந்தனம் பூசியதா, தொப்பியா, இரட்டைப் பின்னலா. அப்புறம் சட்டை. கால் செருப்பு மற்ற இடங்களில் நல்ல அடையாளம், பிள்ளைகள் அதை மாற்ற மாட்டார்கள். கோயில் அடிவாரத்தில் பாதிப் பேர் வெறுங்கால், அதனால் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

நிறம் இன்னொரு தொல்லை. தைப்பூசத்தில் மஞ்சள் என்று சொன்னால் ஒன்றுமே சொல்லாத மாதிரி. அதோடு இருட்டிய பிறகு பந்தல் விளக்கு பச்சையும் ஊதாவுமாக மாறி மாறி அடிக்கும். அதில் கருநீலம் கறுப்பாகத் தெரியும், வெளிர் மஞ்சள் வெள்ளையாகத் தெரியும். நிறத்தோடு ஒரு பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரயில் படம், நம்பர் 7, முதுகில் கோடு, கிழிந்த பை. அந்த மாதிரி ஒன்று கிடைக்கும்வரை தாயை விடாமல் கேட்பேன். இரண்டு நிமிடம் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்ததால்தான் உங்களுக்கு மூன்று மஞ்சள் சட்டைப் பையன்கள் வந்தார்கள், தாய்மாமன் தம்பி.

ஈப்போ மகள்

எங்களுக்கும் இதே வேதனை. பத்துமலையில் அப்பாவைத் தொலைத்துவிட்டோம். எழுபத்தெட்டு வயது, மறதி நோய். மூன்று மணி நேரம் தேடினோம், கடைசியில் கேடிஎம் ரயில் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் படம் போட்டுத்தான் தேடினோம், ஒரு பயனும் இல்லை. பெரியவர்களுக்கும் உங்கள் மேசையில் அறிவிப்பீர்களா? அப்பாவும் மஞ்சள் வேட்டிதான் கட்டியிருந்தார், அவருக்கு என்ன அடையாளம் சொல்லியிருக்க வேண்டும்?

பட்டர்வொர்த் டீச்சர்

அறிவிப்போம் அம்மா. அப்பா கிடைத்தாரே, அது போதும். பெரியவர்களுக்கு நடையைச் சொல்லுங்கள். காலை இழுத்து நடக்கிறார், கைத்தடி வலது கையில், கண்ணாடிக்கு நூல் கட்டியிருக்கிறது, இப்படி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தொலைந்த பிள்ளை அழும், யாராவது கவனிப்பார்கள். மறதி உள்ளவர் தொலைந்ததையே அறியாமல் நிம்மதியாக நடந்துகொண்டிருப்பார். "உங்களைத் தேடுகிறார்கள்" என்று சொன்னாலும் மறுத்துவிடுவார். அதனால் அவர் எந்த இடத்துக்குப் போகப் பழக்கப்பட்டவர் என்றும் கேட்டு, அங்கே ஒருவரை அனுப்ப வேண்டும். உங்கள் அப்பா ரயிலில்தான் வந்தாரா?

ஈப்போ மகள்

ஆமாம் டீச்சர். இளவயதில் எப்போதும் ரயிலில்தான் வருவாராம். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

செந்தூல் ரேலா

நான் பத்துமலையில் ரேலா தொண்டர் படைப் பணியில் நின்றிருக்கிறேன். இதுவரை எல்லாரும் தொலைத்தவர்கள் பக்கமாகப் பேசுகிறீர்கள். கிடைத்த பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பது வேறு விஷயம், அதற்கு விதியே தலைகீழ்.

பிள்ளையைத் தொலைத்தவர் வந்தால் உடையை முழுசாக அறிவியுங்கள். பிள்ளை கிடைத்து, பெற்றோர் யார் என்று தெரியாதபோது முழுசாக அறிவிக்காதீர்கள். "ஒரு பெண் பிள்ளை எங்களிடம் இருக்கிறது, பெற்றோர் மேசைக்கு வரவும்" என்பதோடு நிறுத்துங்கள். வருகிறவர் உடையைச் சொல்லட்டும். எல்லாவற்றையும் நாமே மைக்கில் சொல்லிவிட்டால், கேட்ட யாரும் வந்து அதையே திருப்பிச் சொல்ல முடியும். படம் எடுத்து "யார் பிள்ளை?" என்று குழுவில் போடுவது இன்னும் மோசம். தெரியாதவன் கையில் நாமே விடைத்தாளைக் கொடுக்கிறோம்.

பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட்டைக் கேட்டால் போதாதா என்பார்கள். மைகிட்டில் பிள்ளையின் படமே இல்லை, கைரேகையும் இல்லை. பெயர், எண் மாதிரியான விவரங்கள்தான். அது உதவும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒப்படைக்கக் கூடாது. எங்கள் பழக்கம், மைக்கில் சொல்லாத ஒன்றை மடக்கிய தாளில் எழுதி வைத்துக்கொள்வது. உள்ளே போட்டிருக்கும் பனியனில் என்ன படம், முழங்காலில் எந்தப் பக்கம் பிளாஸ்டர் என்று எழுதுவோம். வருகிறவரிடம் அதைக் கேட்டு, மைகார்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிள்ளை அவரைப் பார்த்ததும் எப்படி நடந்துகொள்கிறது என்றும் கவனித்துத்தான் கொடுப்போம். சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே போலீஸ் இருக்கிறார்கள்.

இன்னொன்று. பிள்ளையைப் பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடிவருகிறார்கள். அதே நேரம் தாய், பிள்ளை தொலைந்த இடத்துக்கே திரும்பிப் போகிறாள். இருவரும் குறுக்கே கடந்துவிடுகிறார்கள். முடிந்தால் ஒருவர் பிள்ளையோடு அங்கேயே நிற்கட்டும், இன்னொருவர் மேசைக்கு வரட்டும்.

கேஎல் நிரலர்

ரேலா அண்ணே, மடக்கிய தாள் விஷயம் எனக்குப் புதிது, சரியாகவும் படுகிறது. ஆனால் பிள்ளையின் பெயரை ஏன் யாருமே பேசவில்லை? பெயரைச் சொல்லி அறிவித்தால் பிள்ளையே கேட்டுத் திரும்பிப் பார்க்குமே. உடையை விட அதுதானே நேரான வழி?

பட்டர்வொர்த் டீச்சர்

அந்த வயதுப் பிள்ளைக்கு ஒலிபெருக்கியில் வரும் குரல் தன்னிடம் பேசுகிறது என்று தெரியாது. அறிவிப்பு பிள்ளைக்காக இல்லை, பிள்ளையைச் சுற்றி நிற்கிற பெரியவர்களுக்காக.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வருடம் ஒரு பையனிடம் "உன் பேர் என்ன?" என்று கேட்டால் "பாய்" என்றான். அம்மா பேர் "அம்மா", அப்பா பேர் "டாடி". மைகிட்டில் இருக்கும் நீளமான பெயரை அவன் கேட்டதே இல்லை போலிருக்கிறது. "அம்மா இன்றைக்கு என்ன உடுத்தியிருக்கிறாள்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "பச்சைப் புடவை, மயில்" என்றான். "மயில் போட்ட பச்சைப் புடவை கட்டிய அம்மா, அறிவிப்பு மேசைக்கு வரவும்" என்று சொன்னோம். பக்கத்தில் நின்ற பெண்களே அந்த அம்மாவைத் தட்டி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் தாயின் உடையைத்தான் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள், அவர்கள் கண் உயரத்தில் இருப்பது அதுதான்.

செந்தூல் ரேலா

பெயரை மைக்கில் சொல்லவே கூடாது என்பேன் நான். பெயர் தெரிந்த அந்நியன் "வா, அம்மா கூப்பிடுகிறாள்" என்றால் பிள்ளை போய்விடும்.

பட்டர்வொர்த் டீச்சர்

இதில் மட்டும் நான் உங்களோடு முழுசாக ஒத்துப்போக மாட்டேன், தம்பி. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை பயந்து ஒளிந்துகொண்டால் பெயரைச் சொல்லித்தான் வெளியே வரவழைக்க முடிந்தது. இரண்டு முறை பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைக்கு வேண்டாம், சரி. பெரிய பிள்ளைக்கு நான் சொல்வேன்.

செந்தூல் ரேலா

நீங்கள் சொல்வது புரிகிறது டீச்சர், ஆனால் நான் சொல்ல மாட்டேன்.

சுங்கைப்பட்டாணி தாய்மாமன்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், இன்னும் இரண்டு கேள்வி. நாங்கள் இருக்கும் இடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்தல், எல்லாரும் பாட்டை அலறவிடுகிறார்கள். எங்கள் மைக் ஐம்பது மீட்டர் தாண்டாது. அப்புறம், எந்த நேரத்தில் போலீசிடம் போவது? 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஒருவர் அக்காவிடம் சொல்லி, அவளை நிலைகுலைய வைத்துவிட்டார்.

செந்தூல் ரேலா

24 மணி நேரம் என்பது சுத்தப் பொய், தயவுசெய்து யாரும் பரப்பாதீர்கள். பிள்ளை காணோம் என்றால் உடனே சொல்லலாம். திருவிழாவில் போலீஸ் அங்கேயே இருப்பார்கள், இல்லையென்றால் 999. மேசைக்கு வந்ததும் ஒருவரை அவர்களிடம் அனுப்பிவிடுங்கள், அறிவிப்பு பலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். நிரலர் தம்பி கேட்ட படத்துக்கும் அதுதான் இடம். காணாமல் போகும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தேட 2011இல் நூர் அலர்ட் என்ற அவசர அறிவிப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் படம் போவது போலீஸ் விசாரித்த பிறகு, ஒரே இடத்திலிருந்து. பிள்ளை கிடைத்ததும் அவர்களால் அதை முடித்துவைக்க முடியும். நீங்கள் நான்கு குழுவில் போட்ட படத்தை யார் முடித்துவைப்பது?

சுங்கைப்பட்டாணி தாய்மாமன்

உண்மை அண்ணே. மூன்று வாரம் கழித்துக்கூட ஜோகூரிலிருந்து ஒருவர் அழைத்து, "பிள்ளையைப் பார்த்தேன்" என்றார். பிள்ளை என் மடியில் உட்கார்ந்திருந்தான்.

பட்டர்வொர்த் டீச்சர்

பாட்டுச் சத்தத்துக்கு ஒரே வழி, திருவிழாவுக்கு முன்பே பந்தல்காரர்களைப் பார்த்துப் பேசிவைப்பதுதான். அன்றைக்குப் போய்க் கெஞ்சினால் நடக்காது. பாட்டுப் போடுகிறவரிடம் துண்டுச்சீட்டுக் கொடுத்தால், பாட்டை இருபது விநாடி நிறுத்தி, இரண்டு முறை வாசித்துவிட்டுத் தொடர வேண்டும். அவ்வளவுதான் நாம் கேட்பது. கூட்ட நேரத்தில் கைப்பேசி அழைப்பு போகாது, ஆகவே சீட்டுக் கொண்டுபோகக் கால் வலுவுள்ள இரண்டு பிள்ளைகள் வேண்டும். பாட்டு நிற்கும்போது கூட்டமே நிமிர்ந்து பார்க்கும், அந்த நிசப்தம் பாதி வேலையைச் செய்துவிடும்.

மலாயிலும் வாசியுங்கள். உங்கள் பிள்ளையைப் பிடித்து நிறுத்தியவர் சீன ஆன்ட்டி என்றீர்களே, தமிழில் மட்டும் சொல்லியிருந்தால் அவருக்கு எட்டியிருக்காது. நான் சீட்டில் இப்படித்தான் எழுதுவேன்:

"மொட்டைத் தலை, சந்தனம் பூசிய ஐந்து வயதுப் பையன். நீலச் சட்டை, நெஞ்சில் ரயில் படம். சாம்பல் அரைச்சிலுவார். வெறுங்கால். பார்த்தவர்கள் பிள்ளையோடு அங்கேயே நின்று, ஒருவரை மேசைக்கு அனுப்பவும்."

"புடாக் லெலாகி, லீமா தாஹுன், கெப்பாலா போத்தாக். பாஜு பீரு, ஆடா காம்பார் கெரெத்தா ஆப்பி. சிலுவார் பெண்டெக் கெலாபு."

நேரத்தையும் சீட்டில் குறியுங்கள். பிள்ளை கிடைத்ததும் அதே ஆட்கள் அதே பந்தல்களுக்குப் போய், "கிடைத்துவிட்டது" என்று சொல்லிச் சீட்டைத் திரும்ப வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் யாராவது நீலச் சட்டைப் பையனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஈப்போ மகள்

பிள்ளையின் கையிலேயே பேனாவால் நம்பர் எழுதிவிட்டால் என்ன?

பட்டர்வொர்த் டீச்சர்

எழுதுங்கள், ஆனால் குளித்த பிறகு மறுபடி எழுதுங்கள். நீலமாகக் கரைந்த கோடுகளோடு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு எண் கூடப் படிக்க முடியாது.

சுங்கைப்பட்டாணி தாய்மாமன்

சரி, பந்தல் கூட்டம் அடுத்த ஞாயிறு. வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். சீட்டுக் கட்டு, மடக்கிய தாள், ஓடுவதற்கு இரண்டு பையன்கள் கேட்கிறேன். பக்கத்துப் பந்தல்காரர்களிடம் நானே நேரில் போய்ப் பேசுகிறேன். பெயர் விஷயத்தை மேசையில் யார் உட்காருகிறார்களோ அவர்களிடம் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். டீச்சர், நீங்கள் ஒரு மணி நேரமாவது எங்கள் மேசைக்கு வர முடியுமா? பட்டர்வொர்த்திலிருந்து நானே வந்து கூட்டிவருகிறேன்.

பட்டர்வொர்த் டீச்சர்

வருகிறேன் தம்பி. பெர்ரி பக்கம் வந்து நில்லுங்கள். நான் கரும்பச்சைச் சேலை, கையில் சிவப்புக் குடை.